இணைப்பு: இரண்டு

அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு. ஏழாம் வகுப்புத் தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த அதே வரிசையில்தான் இன்றுவரை விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல், கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று எத்தனையோ எழுதியாயிற்று. அதில் ஒன்றை மட்டும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். 2019 மார்ச் மாதம் எழுதியது. கடைசி வரியில் ‘இணைப்பு: 2’ என்று இருக்கிறது. முதலில் அங்கே ‘1’ என்றுதான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 2 ஆக்கிய கதைதான் இது.

அப்போது தி. நகரில் ஒரு பெரிய பாத்திரக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை. வீடு மயிலாப்பூரில். லஸ் முனையில் 12பி பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய், 2018 செப்டம்பரில் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். அக்டோபர் 8-ம் தேதி எல்.எல்.ஆர். கையில் வந்தது. அன்றைக்குக் கணினியில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது பாதி உரிமம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்ட முடியும், 6 மாதத்தில் அது காலாவதியாகும் என்று அதிலேயே தெரிகிறதே, இடையில் ஐந்து மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்த ஐந்து மாதத்தையும் தி. நகர் தின்றது. அக்டோபரில் நவராத்திரி, வீட்டில் கொலு, கடையில் தாம்பாளமும் குத்துவிளக்கும் வாங்க வந்த கூட்டம். நவம்பர் 6 தீபாவளி. அதற்கு முந்தைய மூன்று வாரம் உஸ்மான் சாலையில் வேலை பார்க்கும் யாரும் விடுப்பு என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. டிசம்பரில் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு மொத்த ஆர்டர். ஜனவரியில் பொங்கல் பானை. பிப்ரவரியில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பையன்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மார்ச் முதல் வாரம் ஒருநாள் இரவு ஸ்கூட்டர் பெட்டியைத் துடைக்கும்போது எல்.எல்.ஆர். அகப்பட்டது. முடியும் நாள்: 07-04-2019.

உடனே parivahan தளத்தில் தேர்வுக்கு நாள் பார்த்தேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் நிரம்பியிருந்தன. எனக்குக் கிடைத்த முதல் நாள் மார்ச் 25, திங்கட்கிழமை. 300 ரூபாய் தேர்வுக் கட்டணத்தைக் கட்டி, சீட்டை அச்செடுத்துக்கொண்டேன்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மார்ச் கடைசி வாரம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆண்டுக் கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. சரக்கு இருப்பு எடுக்க வேண்டும். யார் யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று கடிதம் போட்டு உறுதி வாங்க வேண்டும். வராத பில்லைத் துரத்த வேண்டும். அந்த வாரத்தில் நான் ஒரு நாள் கேட்கப் போகிறேன்.

முதல் விண்ணப்பத்தைப் பயத்தில் எழுதினேன். ‘சொந்த வேலை காரணமாக 25.03.2019 அன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’ காரணத்தைச் சொன்னால் ‘வண்டி ஓட்டவா லீவு?’ என்று கேட்பாரோ என்ற தயக்கம். மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“மார்ச் கடைசியில என்னம்மா சொந்த வேலை? ஏப்ரல்ல பண்ணிக்கக் கூடாதா?”

என்னிடம் பதில் இல்லை. தற்செயல் விடுப்பு என்பது கடை ஊழியர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமைதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது; ஆண்டுக்கு 12 நாள் அதில் இருக்கிறது. ஆனால் எந்த நாள் என்பதில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். ‘சொந்த வேலை’ எப்போது வேண்டுமானாலும் நடக்கக்கூடியது என்று அவர் நினைத்ததில் பிழை இல்லை. அந்தச் சொல் அப்படித்தான் ஒலிக்கிறது.

மறுநாள் உண்மையை எழுதி, சீட்டையும் குத்தி, ‘இணைப்பு: 1’ என்று போட்டு எடுத்துப் போனேன். அவர் கணக்குக்காரர். கடிதத்தை விட்டுவிட்டு முதலில் இணைப்பைத்தான் பார்த்தார். விண்ணப்ப எண், என் பெயர், பிறந்த தேதி, எல்.எல்.ஆர். எண், தேர்வு நாள், நேரம். வண்டி வகை என்ற இடத்தில் விரல் நின்றது.

“MCWOG-ன்னா?”

“கியர் இல்லாத டூ வீலர் சார்.”

“கியரே இல்லையா? அப்ப எட்டுப் போட்டா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை.” சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. “இந்தத் தேதிய மாத்தவே முடியாதா? ஆன்லைன்தானே?”

மாற்றலாம். அதுதான் சிக்கல். அச்சுச் சீட்டைக் காட்டினால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நம்பியிருந்தேன். ஆனால் அந்தச் சீட்டில் இருந்தது மாற்றக்கூடிய தேதி. மாற்றவே முடியாத தேதி வேறொரு காகிதத்தில், ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசி நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். மார்ச் 25-ல் தேறிவிட்டால் தொல்லை இல்லை. தேறாவிட்டால் 7 நாள் கழிந்த பிறகே மறுபடி போக முடியும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படி. 7 நாள் கழிந்தால் ஏப்ரல் 2. ஏப்ரல் 7 ஞாயிற்றுக்கிழமை. 6-ம் தேதி சனிக்கிழமை, தெலுங்குப் புத்தாண்டு விடுமுறை. ஆக ஏப்ரல் 2 முதல் 5 வரை நான்கே நாள். அதற்குள் காலி இடம் கிடைத்தால் ஒரே ஒரு மறுவாய்ப்பு. அதையும் விட்டால் எல்.எல்.ஆரை நீட்டித்துக்கொள்ளவெல்லாம் வழியில்லை. புதிதாக விண்ணப்பித்து, மறுபடி கணினித் தேர்வு எழுதி, மறுபடி 30 நாள் காத்திருந்து, அப்புறம்தான் எட்டு. தேர்வையே ஏப்ரலுக்குத் தள்ளினால் மறுவாய்ப்பு என்ற ஒன்றே இருக்காது.

இதைத்தான் மூன்றாவது கடிதத்தில் எழுதினேன். நகல் இப்போதும் இருப்பதால் அப்படியே தருகிறேன்:

‘பொருள்: ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காக 25.03.2019 அன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, எனது பழகுநர் உரிமம் 07.04.2019 அன்று முடிவடைகிறது. தேர்வு நாள் 25.03.2019 என ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று தேர்ச்சி பெறாவிடில் 7 நாள்களுக்குப் பின்னரே மீண்டும் கலந்துகொள்ள இயலும் என்பதால், இத்தேதியைத் தள்ளிவைத்தால் உரிமம் காலாவதியாகிவிடும். சரக்கு இருப்புப் பட்டியலை 23.03.2019 சனிக்கிழமைக்குள் முடித்து ஒப்படைக்கிறேன். எனவே அன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: 2 (தேர்வு ஒதுக்கீட்டுச் சீட்டு, பழகுநர் உரிம நகல்)’

‘1’ என்று பழக்கத்தில் எழுதி, அடித்து, ‘2’ ஆக்கியது இந்தக் கடிதத்தில்தான். மேலாளர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைச் சரிபார்த்தார். பில்லையும் வவுச்சரையும் ஒப்பிடுகிற அதே முகம். பிறகு பேனாவை எடுத்தார். ‘ஒரு நாள்’ என்பதில் ‘ஒரு’வை அடித்துவிட்டு மேலே ‘அரை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“பத்து மணின்னு போட்டிருக்கு. பதினொண்ணுக்கு முடியும். ஒன்றரைக்கு வந்துடுங்க. லேட்டானா ஒரு மணி நேரம் பர்மிஷன் எடுத்துக்கலாம்.”

பர்மிஷன் என்றால் எங்கள் அலுவலக மொழியில் விடுப்புக் கணக்கில் சேராத சில்லறை நேரம். அவர் தாராளமாகத்தான் நடந்துகொண்டார். அந்தச் சீட்டில் உள்ள நேரம் நாம் அங்கே நிற்க வேண்டிய நேரம், எட்டுப் போடும் நேரம் இல்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விடுப்பு எடுத்தது நான் மட்டும் இல்லை. பழகுநர் உரிமத்தில் தனியாக வண்டி ஓட்டிப்போய்த் தேர்வுக்கு நிற்கக் கூடாது. உரிமம் உள்ளவர் கூட வர வேண்டும். தம்பி வந்தான். அவன் வேலை பார்த்த இடத்தில் அவனும் ஒரு நாள் கேட்டிருந்தான். “அக்காவுக்கு டெஸ்ட்னு எழுதினா சிரிப்பாங்க, வயிற்று வலின்னு போட்டுட்டேன்” என்றான். எனக்கு இணைக்க இரண்டு காகிதம் இருந்தன. அவனுக்கு ஒன்றும் இல்லை.

எட்டு அவன் கற்றுக்கொடுத்ததுதான். பட்டினப்பாக்கத்துக் கடற்கரை ஓரமாகக் காலை ஐந்தரைக்கு, மீன் வாங்க வருகிறவர்களின் வண்டிகள் சேருவதற்கு முன்னால், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் இரண்டு வளையம் போடுவான். நேராக ஓட்டுவதைவிட மெதுவாகத் திரும்புவதுதான் வண்டியில் கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்தது. வேகம் குறையக் குறைய வண்டி ஆடும். ஆடுகிறதே என்று முறுக்கினால் வளையத்தை விட்டு வெளியே ஓடும். பயந்து முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில் திரும்பியிருக்கும் பக்கமே சாய்ந்து கால் தரையில் ஊன்றும். ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாக உரசியபடி வேகத்தை அடக்க வேண்டும். அதைவிட முக்கியம் பார்வை. “முன் சக்கரத்தப் பாக்காதக்கா. எங்க போகணுமோ அங்க பாரு. வண்டி உன் கண்ணு போற பக்கம் வரும்.” ஒரு வாரத்தில் பத்துக்கு எட்டு முறை கால் ஊன்றாமல் போட்டேன்.

மார்ச் 25 காலை ஒன்பதே முக்காலுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விட்டோம். முதலில் காகிதம் சரிபார்த்தல்: சீட்டு, எல்.எல்.ஆர். அசல், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ். அப்புறம் கேமரா முன்னால் உட்கார வைத்துப் படம், கைரேகை. அதற்கு வரிசை. பிறகு மைதானத்துக்குப் போய் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முதலில் கார்க்காரர்களை முடித்தார். என் அப்பா காலத்து ஆள்கள் இவரை இன்னும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே சொல்வார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரும் அப்படித்தான் சொன்னார். பேரனுக்குத் துணையாக வந்திருந்தார். “பிரேக் இன்ஸ்பெக்டர் மூஞ்சியப் பாக்காதடா, ரோட்டப் பாரு” என்று ஓதிக்கொண்டே இருந்தார்.

பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. தாமதம் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு நிமிடம்தான், ஆள்கள்தான் நிறைய. ஆனால் என் தலைக்குள் ஓடியது வேறு கடிகாரம். மந்தைவெளி வழியாக ஆழ்வார்ப்பேட்டை, அங்கிருந்து தேனாம்பேட்டை சிக்னல், பனகல் பார்க். ஒன்றரைக்குள் போக வேண்டுமென்றால் பன்னிரண்டே முக்காலுக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு நாற்பது.

முதல் வளையம் சரியாக வந்தது. இரண்டாவதில் நுழையும்போது, லேட்டானால் மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையா, வெயிலா தெரியவில்லை, கண் முன் சக்கரத்துக்குப் போனது. சக்கரத்துக்கு அருகே வெள்ளைக் கோடு நெருங்கி வருவது தெரிந்தது. கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது. இடது கால் தரையில். தூசுகூடக் கிளம்பவில்லை, அவ்வளவு மெதுவாக. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி, தாளில் குறித்துக்கொண்டு, “அடுத்த வாரம் வாங்கம்மா” என்றார்.

அரை நாள் கொடுத்ததால்தான் தவறினேன் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். அது முழுப் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கால் என்னுடையது. முழு நாள் கிடைத்தவர்களும் அன்று கால் ஊன்றினார்கள். பெரியவரின் பேரனும் ஊன்றினான்.

மறுதேர்வுக்கு ஏப்ரல் 3, புதன்கிழமை இடம் கிடைத்தது. மறுபடி 300 ரூபாய். மறுபடி கடிதம். இந்த முறை நேரக் கணக்கையும் எழுதினேன்: 9.45-க்கு வந்தேன், 12.40-க்கு அழைக்கப்பட்டேன், ‘சீட்டில் உள்ள நேரம் வருகைக்கான நேரம் மட்டுமே’. எனவே முழு நாள். இணைப்பு மறுபடியும் இரண்டு: புதுச் சீட்டு, அதே பழகுநர் உரிம நகல். 07.04.2019 என்ற தேதியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். ஆண்டுக் கணக்கு முடிந்து மூன்றாம் நாளே விடுப்பு; மேசை முழுக்க ஃபைல். மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது மட்டும், “போன தடவை எந்த வளையத்துல விட்டீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டாவது சார்.”

“எனக்கும் அப்படித்தான். மூணு தரம் போனேன்.”

ஏப்ரல் 3 அன்று பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பார்க்க வேண்டிய கடிகாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வளையத்துக்குள் நுழையும்போது எதிரே வேப்பமரத்தடியில் தம்பி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே திரும்பினேன். வண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டது. முடித்துவிட்டு, நான் தனியாக வீட்டுக்கு ஓட்டிப் போகிறேன், நீ பஸ்ஸில் போ என்றேன். “உரிமம் கையில வரட்டும்கா. அதுவரைக்கும் நீ L போர்டுதான்” என்று பின்னால் ஏறிக்கொண்டான். மீதி அரை நாள் என்னிடம் சும்மா இருந்தது. வேலை நாளில் மத்தியானம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன்.

இப்போது வேறு அலுவலகம், அடையாறில். விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடும் நாற்காலி எனக்கு. எல்.எல்.ஆருக்கு இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் தேர்வு எழுதலாம். எட்டுப் போட மட்டும் ஆள் நேரில் போயாக வேண்டும். அதனால் இந்தக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போன மார்ச்சில் எங்கள் இளம் கணக்கர் ஒருவர் நீட்டினார். நல்ல கடிதம், காரணம் தெளிவாக இருந்தது, சீட்டு குத்தியிருந்தது. இணைப்பு: 1.

“எல்.எல்.ஆர். எப்ப முடியுது தம்பி?”

அவர் கைபேசியை எடுத்துத் தேடினார். “ஜூலை, மேடம்.”

நான்கு மாதம். சீட்டில் இருந்தது மார்ச் 27. நாள்காட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஒரு தடவை தவறினாலும் இன்னும் பல வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணிக் காட்டினேன். எந்தக் கணக்கைக் காட்டி நான் விடுப்பு வாங்கினேனோ அதே கணக்கைக் காட்டி இப்போது மறுத்தேன். முகம் கொஞ்சம் வாடியது. “சரி மேடம். அரை நாள் போதும், பத்து மணி ஸ்லாட்தான் எடுப்பேன்” என்றார்.

புதிய தேதியோடு அவர் மறுபடி கொண்டுவந்தபோது, ‘அரை’யை அடித்துவிட்டு மேலே ‘ஒரு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.